மூன்று மணி ஷிப்டுக்குப் போகும் வழியில்: ஒரு ஐஸ் கம்பெனித் தொழிலாளியின் இழப்பீட்டு வழக்கு

தேவிபட்டினத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் இயங்கிவந்த ஐஸ் கம்பெனி ஒன்றில், கம்ப்ரசர் ஓட்டுபவராகப் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த 40 வயதுத் தொழிலாளி, 2024 செப்டம்பர் 13 அன்று விடியுமுன் இருசக்கர வாகனத்தில் வேலைக்குப் போகும்போது, சாலையின் குறுக்கே வந்த மாட்டின் மேல் மோதி விழுந்து அந்த இடத்திலேயே இறந்தார். வீட்டிலிருந்து கம்பெனி 11 கிலோமீட்டர். விபத்து நடந்த இடத்திலிருந்து கம்பெனிக்கு இன்னும் 4 கிலோமீட்டர் இருந்தது. ஷிப்டு 3 மணிக்குத் தொடங்க வேண்டும். அவ்வழியே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் 108-க்கு அழைத்தபோது மணி 2.31. இறந்தவருக்கு மனைவியும், பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகளும், வயதான தாயும் உண்டு. அவர்கள் சார்பில் இந்த வழக்கை நடத்தியவர்களில் ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குடும்பத்தையோ கம்பெனியையோ அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் என்னை உறுத்தியது காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை. இறந்தவரின் மைத்துனர் கொடுத்த புகாரின் பேரில், இயற்கைக்கு மாறான மரணம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவில் வழக்குப் பதிவாகியிருந்தது. அதில், "சொந்த வேலை நிமித்தமாகச் சென்றுகொண்டிருந்தபோது" என்று ஒரு வரி இருந்தது. மைத்துனர் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னதெல்லாம் "வண்டியில போயிட்டிருந்தாரு" என்பதுதான். காவல் நிலையங்களில் புகார் எழுதும் பழக்கத்தில் தானாக வந்து விழும் சொற்றொடர் அது. எழுதியவருக்கு அதில் எந்த உள்நோக்கமும் இல்லை என்றே நம்புகிறேன். ஆனால் இழப்பீட்டு வழக்கில் முதலாளியின் வழக்கறிஞர் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் அந்த வரிதான். சாவு வீட்டில் கையெழுத்துப் போடும் உறவினர், "எங்கே, எதற்காகப் போனார்" என்ற இடத்தை மட்டுமாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டால், பின்னால் ஒரு வருட அலைச்சல் குறையும். இந்த வழக்கில் இரண்டு வாரம் கழித்து மனைவியின் வாக்குமூலமும் உடன் வேலை பார்த்தவரின் வாக்குமூலமும் பதிவானபோதுதான் "ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குச் சென்றபோது" என்ற உண்மை காவல் துறை ஆவணத்தில் ஏறியது.

இந்த வழக்கு நடந்தபோது இருந்த சட்டம் என்ன சொன்னது என்பதைப் பார்ப்போம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 2010 முதல் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 3-ஆம் பிரிவு, வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தால் ஊழியருக்குக் காயம் ஏற்பட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்றது. இந்த இரண்டு சொற்களும் சேர்ந்தே நிறைவேற வேண்டும். வேலை செய்யும் நேரத்திலும் இடத்திலும் இருந்தார் என்பது ஒன்று; அந்த வேலையே அவரை அந்த ஆபத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தியது என்பது மற்றொன்று. யார் மீது தவறு என்ற கேள்வி இந்தச் சட்டத்தில் பெரும்பாலும் எழுவதில்லை. முதலாளி கவனக்குறைவாக இருந்தாரா என்று நிரூபிக்கத் தேவையில்லை; ஊழியரின் கவனக்குறைவும் மரண வழக்கில் இழப்பீட்டை அழிக்காது. ஆகவே இவ்வழக்கில் போட்டி முழுவதும் ஒரே இடத்தில்தான் நடந்தது: வாசலைத் தாண்டி உள்ளே போகாத ஒருவர், வழியில் இறந்தால், அவர் வேலையில் இருந்தவர் ஆவாரா?

முதலாளி தரப்பு நம்பியது 1958-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பை. அந்தத் தீர்ப்பின் கதை நம் கடற்கரைக்காரர்களுக்கு உடனே புரியும். குஜராத்தின் போர்பந்தருக்கு அருகே சௌராஷ்டிரா உப்பு உற்பத்தி நிறுவனத்தின் உப்பளம். வேலை முடிந்த தொழிலாளர்கள் ஒரு கழியைப் படகில் கடந்துதான் ஊர் திரும்ப வேண்டும். 1952 ஜூனில் ஒரு நாள் அந்தப் படகு கவிழ்ந்து சிலர் மூழ்கி இறந்தார்கள். திருப்பாலைக்குடி, வாலிநோக்கம் உப்பளங்களில் மண்வெட்டியும் வாருபலகையுமாக நடந்தவர்களுக்கு, வேலை முடிந்தும் வேலையின் சோர்வும் வழியும் முடியாத அந்தப் பொழுது தெரியும். உச்ச நீதிமன்றம், பணியிடத்தின் எல்லையைச் சுற்றுப்புறத்துக்கும் சற்று நீட்டிப் பார்க்கலாம் என்ற கருத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் தொழிலாளி பொதுப் பாதையை அடைந்துவிட்டால் மற்ற பொதுமக்களில் ஒருவராகிவிடுகிறார், அங்கே நேரும் ஆபத்து எல்லோருக்கும் பொதுவானது என்று கூறி இழப்பீட்டை மறுத்தது. 1996-இல், தொழிலாளர் காப்பீட்டுக்கான ஈ.எஸ்.ஐ. சட்டத்தின்கீழ், தொழிற்சாலைக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் சைக்கிளில் லாரி மோதிக் காயமடைந்தவருக்கும் அதே பதில்தான் கிடைத்தது. மாலை 4.30-க்கு ஷிப்டு, விபத்து 4.15-க்கு என்ற நெருக்கமும் அவருக்கு உதவவில்லை.

இந்தக் கடுமைக்கு இடையில் ஒரு விலக்கு முன்பிருந்தே உண்டு. முதலாளி ஏற்பாடு செய்த வாகனத்தில், அவர் அனுமதியோடு பயணிக்கும் தொழிலாளிக்கு நேரும் விபத்து பெரும்பாலும் வேலையின் பகுதியாகவே பார்க்கப்பட்டது. மும்பை மாநகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவர், வேலை முடிந்து அதே நிறுவனத்தின் பேருந்தில் கட்டணமின்றி வீடு திரும்பும்போது இறந்த வழக்கில், 1963-இல் உச்ச நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் நின்றது. இறால் பதப்படுத்தும் இடங்களுக்குக் கம்பெனி வேனில் போய்வரும் பெண்களுக்கு இது முக்கியம். சொந்த வண்டியில் போன நம் தொழிலாளிக்கு அந்த வழி இல்லை.

2010-இல் நாடாளுமன்றம் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 51இ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும்போதும், வேலை முடித்து வீடு திரும்பும்போதும் நேரும் விபத்து, அதன் சூழ்நிலை, நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு நிறுவப்பட்டால், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்ததாகவே கருதப்படும் என்பது அதன் சாரம். ஆனால் ஈ.எஸ்.ஐ. பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில், மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கானது. அந்த ஐஸ் கம்பெனியில் எட்டுப் பேர். அவர்களுக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதில் இப்படி ஒரு பிரிவு சேர்க்கப்படவே இல்லை. பெரிய ஆலையில் இருப்பவருக்குச் சாலையிலும் காப்பு, சிறிய கம்பெனியில் இருப்பவருக்கு வாசலுக்கு உள்ளே மட்டும் காப்பு என்ற நிலை பதினைந்து ஆண்டுகள் நீடித்தது. நம் கடற்கரையில் ஐஸ் கம்பெனி, கருவாட்டுக் கிட்டங்கி, படகு கட்டும் பட்டறை என்று பெரும்பாலான இடங்கள் பத்துப் பேருக்குக் குறைவானவை என்பதால் அந்த இடைவெளி இங்கே மற்ற இடங்களைவிட ஆழமாகவே இருந்தது.

இந்தச் சட்டத்தின் வழக்குகளை விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையரிடம் நாங்கள் மனு போட்டது 2024 டிசம்பரில். அப்போது சட்டம் எங்களுக்குச் சாதகமாக இல்லை என்பதை இறந்தவரின் மனைவியிடம் மறைக்கவில்லை. நிலைமை மாறியது 2025 ஜூலை 29 அன்று. மகாராஷ்டிராவில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, 2003-இல், அதிகாலை 3 மணி ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது ஆலைக்கு 5 கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்திருந்தார். ஆணையர் கொடுத்த இழப்பீட்டை மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. நீதிபதிகள் மனோஜ் மிஸ்ராவும் கே.வி.விஸ்வநாதனும் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, ஆணையரின் உத்தரவை மீட்டுக் கொடுத்தது. 51இ பிரிவு புதிய உரிமையை உருவாக்கவில்லை, ஏற்கனவே இருந்த சொற்களின் பொருளைத் தெளிவாக்கியது, ஆகவே அது பின்னோக்கியும் பொருந்தும் என்றது. ஈ.எஸ்.ஐ. சட்டமும் இழப்பீட்டுச் சட்டமும் ஒரே நோக்கத்துக்காக ஒரே சொற்களைப் பயன்படுத்துவதால், அந்தத் தெளிவை இழப்பீட்டுச் சட்டத்துக்கும் எடுத்துச் செல்லலாம் என்றது. அதிகாலை 3 மணி, இருசக்கர வாகனம், சில கிலோமீட்டர் மிச்சம் என்று எங்கள் வழக்குக்கு அவ்வளவு நெருக்கமான தீர்ப்பு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இழப்பீட்டுக்காக இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்த அந்தக் குடும்பத்துக்கு நம் பக்கத்துக் குடும்பம் ஒன்று கடன்பட்டிருக்கிறது.

ஆனால் தீர்ப்பைக் கையில் வைத்திருப்பது மட்டும் போதாது. வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் எங்கே விழுந்தாலும் இழப்பீடு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. தொடர்பை நிறுவ வேண்டும், நிறுவ வேண்டியவர் கேட்பவர். முதலாளி தரப்பு மூன்று கேள்விகளை வைத்தது. 3 மணி வேலைக்கு 2.20-க்கே ஏன் அங்கே இருந்தார்? அவர் மனைவி மீன் வாங்கி விற்பவர் என்பதால், வழியில் இருக்கும் இறங்குதளத்துக்கு மீன் எடுக்கப் போயிருக்கலாம் அல்லவா? அன்று அவருக்கு ஷிப்டே இல்லை என்று வருகைப் பதிவேடு காட்டுகிறதே?

முதல் கேள்விக்கு ஐஸ் கம்பெனியின் வேலை முறையே பதில். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிய கேன்களில் பனிக்கட்டி உறைந்திருக்கும். கேனைத் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் முக்கி, கட்டியை நழுவ விட்டு, அதன் பிறகு அரைக்கும் இயந்திரத்துக்குத் தள்ள வேண்டும். படகுக்காரர்களின் வண்டி 3 மணிக்கு வாசலில் நிற்கும். அப்போது முதல் கட்டிகள் தயாராக இருக்க வேண்டும் என்றால் கம்ப்ரசர்காரர் அரை மணி நேரம் முன்னால் வந்து, இரவு ஷிப்டுக்காரரிடம் அமோனியா அழுத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். உடன் வேலை பார்த்தவர் இதைச் சாட்சிக் கூண்டில் நிதானமாக விளக்கியபோது, முதலாளியின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் அந்தப் பக்கமே போகவில்லை.

இரண்டாவது கேள்வி உண்மையில் ஆபத்தானது. அவர் சாலையை விட்டு இறங்குதளத்துப் பக்கம் திரும்பியிருந்தால், அது சொந்த வேலைக்கான விலகல் ஆகிவிடும். அந்த விலகலில் நேர்ந்த விபத்துக்கு வேலையோடு தொடர்பு காட்டுவது மிகக் கடினம். ஆனால் விபத்து நடந்த இடம், இறங்குதளத்துக்குத் திரும்பும் பாதையைத் தாண்டி, கம்பெனியின் திசையில், பிரதான சாலையின் மேல் இருந்தது. வண்டியிலிருந்து போலீசார் எடுத்த பொருட்களின் பட்டியலில் ஒரு சாப்பாட்டுத் தூக்கும் ஒரு டார்ச் லைட்டும் இருந்தன. மீன் எடுக்கப் போகிறவர் கூடையோ பெட்டியோ இல்லாமல் போகமாட்டார். இந்தப் பட்டியலை நாங்கள் தற்செயலாகத்தான் கவனித்தோம். விபத்து வழக்குகளில் பஞ்சநாமாவைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும் என்று இளைய வழக்கறிஞர்களிடம் நான் சொல்வது அந்தத் தூக்குச் சட்டியை நினைத்துத்தான்.

மூன்றாவது கேள்விக்கு விடை கைப்பேசியில் இருந்தது. பதிவேட்டில் அன்றைய தேதிக்கு எதிரே அவர் பெயரில் விடுப்பு என்று எழுதியிருந்தது. மை மற்ற பக்கங்களின் மையோடு ஒத்துப் போகவில்லை என்று நாங்கள் சொன்னோம், ஆனால் மையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இழப்பீட்டு ஆணையருக்குச் சாட்சியங்களைத் தருவிப்பதில் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அதைப் பயன்படுத்திக் கைப்பேசி நிறுவனத்திடமிருந்து அழைப்பு விவரத்தைக் கேட்டுப் பெற்றோம். அதிகாலை 1.50-க்குக் கம்பெனி மேலாளரின் எண்ணிலிருந்து ஓர் அழைப்பு, 40 நொடிகள். விடுப்பில் இருப்பவரை அந்த நேரத்தில் எதற்காக அழைத்தார் என்று கேட்டபோது மேலாளருக்குப் பதில் வரவில்லை. நேரம், இடம், சூழ்நிலை என்ற மூன்றும் அந்த இடத்தில் ஒன்றாகச் சேர்ந்தன.

இனி பணம். அடக்கம் நடந்த மறுநாள் முதலாளி வீட்டுக்கு வந்து, ஒன்றரை லட்சம் ரூபாயைக் கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருபது ரூபாய் முத்திரைத்தாளில் மனைவியிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அன்று அந்த வீட்டுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. ஆனால் சட்டம் இதை முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. மரண வழக்கில் இழப்பீட்டை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும்; நேரில் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் வராது. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தந்த ஒப்பந்தமும், 17-ஆம் பிரிவின்படி, இழப்பீட்டைக் குறைக்கும் அளவுக்குச் செல்லாது. விதிவிலக்காக, மூன்று மாத ஊதியம் வரை முன்பணமாகக் கொடுத்ததை மட்டும் கழித்துக்கொள்ளலாம். மனைவி பல வாரம் அந்தத் தாளை நினைத்தே மனு போடத் தயங்கியிருக்கிறார். "கையெழுத்துப் போட்டுட்டேனே சார், இனி கேக்குறது நியாயமா இருக்குமா" என்றுதான் முதல் நாள் கேட்டார். விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும் என்றிருந்த கெடுவை அந்தத் தயக்கத்தில் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

தொகையைக் கணக்கிடும் முறை எளிது. மரணம் என்றால், மாத ஊதியத்தில் பாதியை, இறந்தவரின் வயதுக்குச் சட்ட அட்டவணை தரும் காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்தக் காரணி 184.17. மாத ஊதியம் எவ்வளவு இருந்தாலும், 2020 ஜனவரி முதல், கணக்குக்கு 15,000 ரூபாய் வரைதான் எடுத்துக்கொள்ள முடிந்தது. சிக்கல் வந்தது மாத ஊதியம் என்ன என்பதில். அந்தச் சிக்கல் முழுக்க இந்தக் கடற்கரைக்கே உரியது.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் இந்தக் கம்பெனி மூடியே கிடந்தது. எட்டுப் பேருக்கும் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. முதலாளி தரப்பு, கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் வாங்கிய 1,43,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்து, மாத ஊதியம் 11,917 ரூபாய் என்றது. 5-ஆம் பிரிவின் முதல் விதி அப்படித்தான் வகுக்கச் சொல்கிறது. ஆனால் அந்த விதி, இடைவிடாமல் பன்னிரண்டு மாதம் பணியில் இருந்தவருக்கு மட்டும். பதினான்கு நாளுக்கு மேல் வேலைக்கு வராத இடைவெளி இருந்தால் பணித் தொடர்ச்சி அறுந்துவிட்டதாக அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. அப்படிப்பட்டவருக்கு, விபத்துக்கு முந்தைய தொடர்ச்சியான காலத்தில் ஈட்டிய மொத்தக் கூலியை அந்தக் காலத்தின் நாட்களால் வகுத்து, முப்பதால் பெருக்க வேண்டும். எங்கள் வாதம் அதுதான். தடைக்காலம் முடிந்த ஜூன் 15 முதல் செப்டம்பர் 12 வரை 90 நாட்கள். அதில் 78 நாள் வேலை, நாளுக்கு 550 ரூபாய், ஆக 42,900 ரூபாய். அதை 90-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்கினால் மாதம் 14,300.

வேலைக்கு வராதது என்றால் தொழிலாளி தானாக வராததையா குறிக்கும், முதலாளி மூடி வைத்ததையுமா என்று எதிர்த்தரப்பு கேட்டது நியாயமான கேள்விதான். மூடிய வாசலுக்கு ஒருவர் வேலைக்கு வர முடியாது, காரணம் எதுவாயினும் பணியிலிருந்து அவர் விலகியிருந்தது உண்மை என்ற எங்கள் பதிலை ஆணையர் ஏற்றார். இந்த ஒரு விஷயத்தால் குடும்பத்துக்குக் கிடைத்த வேறுபாடு சிறியதல்ல. 11,917 என்று எடுத்திருந்தால் இழப்பீடு ஏறத்தாழ 10,97,000 ரூபாய். 14,300 என்று எடுத்ததால், பாதி 7,150, அதை 184.17-ஆல் பெருக்க 13,16,815 ரூபாய். ஏறக்குறைய 2,19,000 ரூபாய் கூடுதல். தடைக்காலத்தில் வேலை இழக்கும் எவருக்கும் மனு எழுதும்போது இந்தப் பத்தியை மறந்துவிட்டு, ஆண்டுக் கூலியைப் பன்னிரண்டால் வகுத்து நாமே எழுதிக் கொடுத்தால், பிறகு மாற்ற முடியாது.

2025 அக்டோபரில் உத்தரவு வந்தது. இழப்பீடு 13,16,815 ரூபாய், ஈமச் செலவுக்கு 5,000 ரூபாய். முன்பு கொடுத்த ஒன்றரை லட்சத்தில் மூன்று மாத ஊதியமான 42,900 மட்டும் கழிக்கப்பட்டது. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் பணம் செலுத்தாததால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. அது அந்த ஓராண்டுக்கு மட்டும் சுமார் 1,58,000 ரூபாய். தகுந்த காரணமின்றித் தாமதித்தால் இழப்பீட்டில் பாதி வரை அபராதம் விதிக்கவும் சட்டம் இடம் தந்தது. ஜூலை 2025 வரை சட்டம் தெளிவாக இல்லை என்ற காரணத்தை ஆணையர் ஏற்று அபராதத்தை விதிக்கவில்லை. பதிவேட்டில் விடுப்பு எழுதிய கம்பெனிக்கு அந்தச் சலுகை அதிகம் என்பது என் எண்ணம். பிள்ளைகளின் பங்கு அவர்கள் வயதுக்கு வரும் வரை வங்கி வைப்பில் இருக்கும்.

மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்துக்கு ஏன் போகவில்லை என்று சிலர் கேட்டார்கள். வேறொரு வண்டி மோதியிருந்தால், அந்தச் சட்டம், இந்தச் சட்டம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இரண்டையும் கேட்க முடியாது. ஊதிய உச்சவரம்பு இல்லாததால் பல நேரங்களில் தீர்ப்பாயத்தில் கூடுதலாகவே கிடைக்கும். இங்கே மோதியது மாடு, வண்டி அவருடையது. அங்கே வழி இல்லை.

விசாரணையில் சாட்சி சொன்ன உடன் தொழிலாளி, கேன் தூக்கும் வேலை பார்ப்பவர், ஒரு நாள் தன் வலக்கை மணிக்கட்டைக் காட்டிக் கேட்டார்: "ஆயுத பூஜை அன்னைக்கு விழுந்தது சார், அதுக்கும் கேக்கலாமா?" 2023 அக்டோபர் 23 அன்று நடந்தது அது. காலையில் எட்டுப் பேரும் வந்து இயந்திரங்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை வாங்கிக்கொண்டார்கள். பிற்பகலில் முதலாளி ஏற்பாட்டில் கம்பெனி வளாகத்துக்குள்ளேயே கயிறு இழுக்கும் போட்டி. கயிறு அறுந்து பின்னால் விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஒன்றரை மாதம் வேலைக்குப் போக முடியவில்லை.

காலையில் இயந்திரம் கழுவும்போது வழுக்கி விழுந்திருந்தால் கேள்வியே இல்லை, அது வேலைதான். போட்டி வேறு. பிரிட்டனில் தன் காவல் படை அணிக்காகக் கால்பந்து ஆடிக் காயமடைந்த காவலர் ஒருவருக்கு, அது வேலையின் பகுதி அல்ல என்று 1970-களில் மறுக்கப்பட்டது. மேலே சொன்ன 1996 வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் அதை எடுத்துப் பார்த்திருக்கிறது. விளையாட்டு என்றதுமே காப்பு போய்விடுகிறது என்பதல்ல இதன் பொருள். வர வேண்டும் என்று முதலாளி எதிர்பார்த்தாரா, வராதவருக்கு நட்டம் இருந்ததா, இடமும் செலவும் யாருடையவை, அன்றைக்குக் கூலி உண்டா என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். விருப்பப்பட்டவர்கள் பணம் போட்டு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனால், முதலாளியும் கூட வந்தார் என்பதற்காக மட்டும் அது வேலையாகிவிடாது.

இவர் விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. பூஜை போனஸ் கவர் அன்று மாலை, போட்டி முடிந்த பிறகு, கையில் கொடுக்கப்பட்டது. பாதியில் வீட்டுக்குப் போனவருக்கு முந்தைய ஆண்டு கவர் கிடைக்கவில்லை. போனஸுக்காகக் காத்திருக்க வைத்துவிட்டு, இருந்தது உன் விருப்பம் என்று சொல்ல முடியாது. அன்று முழு நாள் கூலியும் தந்திருந்தார்கள். இரண்டு ஆண்டுக் கெடு முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. விபத்தை முதலாளி நேரிலேயே பார்த்தவர் என்பதால், எழுத்தில் முன்னறிவிப்புக் கொடுக்கவில்லை என்ற குறை தடையாக இருக்காது. அவருடைய மாத ஊதியம் 12,000. தற்காலிக ஊனத்துக்கு, அரை மாதத்துக்கு ஒரு முறை, மாத ஊதியத்தில் கால் பங்கு, அதாவது 3,000 ரூபாய். வேலைக்குப் போகாத நாட்கள் 28-க்கு மேல் என்பதால் முதல் மூன்று நாளும் கணக்கில் சேரும். மொத்தம் 9,000 ரூபாயும், மருத்துவச் செலவு முழுவதும்.

அன்று மாலை அவர் காயமின்றி வீட்டுக்குக் கிளம்பி, வழியில் விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்றும் யோசித்தேன். 51இ பிரிவு, வேலைக்காகச் செல்லும் பயணத்தையும் வேலை முடித்துத் திரும்பும் பயணத்தையும்தான் பேசியது. விழா வேலையின் பகுதி என்று நிறுவினால்தான் திரும்பும் வழியும் அதன் பின்னால் வரும். ஒன்று விழுந்தால் மற்றதும் விழும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்து, வழிப் பயணம் பற்றிய இதே விதியைச் சிறிய கம்பெனிகளுக்கும் எழுத்திலேயே கொண்டுவந்துவிட்டது. விழாக்களைப் பற்றி அது தனியாக ஏதும் சொல்லவில்லை. ஆகவே அந்தக் கேள்வி இன்னும் ஒவ்வொரு வழக்கின் விவரங்களைப் பொறுத்தே தீர வேண்டியிருக்கிறது.

கேன் தூக்குபவரின் விஷயம் வழக்காகவில்லை. முதல் வழக்கில் அழைப்பு விவரம் வந்து சேர்ந்த வாரமே, முதலாளி அவரை அழைத்து 9,000 ரூபாயையும் மருத்துவமனை ரசீதுகளின் தொகையையும் கொடுத்தார். வவுச்சரில் "கைம்மாற்று" என்று எழுதியிருந்ததை அவர் வாசித்துப் பார்த்து, அடித்துவிட்டு "வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு" என்று எழுதச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போட்டார்.